முழங்காலுக்குப் பின்னால் ஒரு பந்து

"காலை நீட்டினா பின்னாடி ஏதோ பந்து மாதிரி தடுக்குது. மடக்கினா இறுக்கிப் பிடிக்குது. வலின்னு சொல்ல முடியல, ஆனா சும்மாவும் இல்ல."

பிசியோதெரபி அறைக்குள் வருகிறவர்கள் இந்தப் பிரச்சினையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போதே கை முழங்காலின் பின்குழிக்குப் போய்விடும். அங்கே, நடுவிலிருந்து சற்று உட்பக்கமாக, அதாவது இன்னொரு கால் இருக்கும் பக்கமாக, ஒரு வீக்கம் தட்டுப்படும். சிலருக்கு எலுமிச்சை அளவு, சிலருக்கு முட்டை அளவு. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு காலையும் ஒப்பிட்டால், ஒரு பக்கக் குழி நிறைந்து மேடாகியிருப்பது தெரியும்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பேக்கர் சிஸ்ட். நம் பேச்சில் சொன்னால் முழங்கால் நீர்க்கட்டி. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் வெளுத்துவிடுகிறது. இது சதை வளர்ந்து உண்டாகும் கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. உள்ளே இருப்பது முழங்கால் மூட்டிலேயே ஊறுகிற வழவழப்பான நீர்தான். இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பின்பக்கம் போய்த் தேங்கியிருக்கிறது, அவ்வளவே.

அது ஏன் பின்னால் போனது, போனது ஏன் திரும்பி வரவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பது தானாகப் புரியும்.

பின்னால் ஒரு பை, நடுவில் ஒரு கதவு

முழங்கால் மூட்டைச் சுற்றி உறை போல ஒரு பை உண்டு. அதன் உட்புறச் சவ்வு கொஞ்சமாக நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், தானே அதை உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். நல்ல நிலையிலுள்ள மூட்டில் இந்த நீர் ஒரு தேக்கரண்டியைக்கூடத் தாண்டாது. எலும்பு முனைகள் வழுக்கி நகர அதுவே போதும்.

மூட்டுக்கு வெளியே, தசைநார்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் சின்னச் சின்னத் தட்டையான பைகள் இருக்கும். பர்சா என்று பெயர். உரசலைத் தணிப்பது அவற்றின் வேலை. அப்படியொரு பர்சா, தொடையின் பின்பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஒரு தசைநாருக்கும், ஆடுசதைத் தசையின் உட்பக்க மேல்முனைக்கும் நடுவில் இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு இந்தப் பர்சாவுக்கும் மூட்டுக்கும் இடையே ஒரு குறுகிய திறப்பு இருக்கும். பேக்கர் சிஸ்ட் என்பது பெரும்பாலும் இந்தப் பர்சாவில் மூட்டு நீர் புகுந்து அது ஊதிப் போன நிலைதான்.

அந்தத் திறப்பு சாதாரண ஓட்டை போல நடந்துகொள்வதில்லை. முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்போது அது விரிந்து வழிவிடும். காலை நேராக நீட்டும்போது இரண்டு பக்கமும் இருக்கும் தசைகள் இறுகி அதை நெரித்து மூடிவிடும். ஆக, மூட்டில் நீர் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பின்னால் போகும். போனது அங்கேயே பூட்டப்படும். நாளாக ஆக, பைக்குள் நீர் கெட்டிப்பட்டுக் கூழ் போல ஆவதும் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் குறுகிய வழியாகத் திரும்பி வருவது இன்னும் கடினம்.

காலை நீட்டும்போது இறுக்கம் கூடுவதற்கும் இதுதான் காரணம். பையின் வாய் மூடிக்கொள்கிறது, சுற்றியுள்ள தசைகள் பையைப் பிழிகின்றன, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. முழுக்க மடக்கும்போது வேறு கதை: தொடைக்கும் ஆடுசதைக்கும் நடுவில் பை அகப்பட்டு நசுங்குகிறது. இரண்டு கோடியிலும் தொந்தரவு, நடுவில் சுகம் என்றால் பெரும்பாலும் இந்தப் பைதான்.

இதைக் கையாலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். குப்புறப் படுத்துக்கொண்டு காலை நேராக நீட்டச் சொல்வேன். வீக்கத்தைத் தொட்டால் காற்றடைத்த பந்து போலக் கெட்டியாக இருக்கும். பிறகு முழங்காலை ஏறக்குறைய 45 டிகிரி மடக்கித் தொட்டால் அதே வீக்கம் தளர்ந்து மெத்தென்று ஆகிவிடும், சில நேரம் காணாமலே போகும். மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே மாதிரிக் கல்லாக இருந்தால், அல்லது விரலுக்குக் கீழே நாடி போலத் துடித்தால், அது பேக்கர் சிஸ்டாக இல்லாமல் இருக்கலாம். முழங்காலின் பின்குழி வழியாகத்தான் காலின் பெரிய ரத்தக் குழாய் போகிறது. அந்தக் குழாயே புடைத்து வீங்குவதும் உண்டு. அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் யாரும் அங்கே ஊசி போடக் கூடாது.

நீர் ஏன் கூடியது?

1877இல் வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் இந்தக் கட்டிகளைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே, 1840இல், டப்ளினைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் இதை விவரித்திருந்தார். பெயர் என்னவோ பேக்கருக்குப் போய்விட்டது. ஆனால் பேக்கர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: காலில் தோன்றும் இந்தக் கட்டிகள் முழங்கால் மூட்டின் நோயோடு தொடர்புடையவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும், பின்னால் இருக்கும் பந்தை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை மறந்துவிடுகிற வழக்கம் போகவில்லை.

பெரியவர்களுக்கு வரும் பேக்கர் சிஸ்டுக்குப் பின்னால் பெரும்பாலும் மூட்டில் ஏதோ ஒரு உறுத்தல் இருக்கும். மூட்டுத் தேய்மானம் முதல் காரணம். அடுத்தது, ஜவ்வு என்று பேச்சு வழக்கில் சொல்லும், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிவது. முக்கியமாக உட்பக்கத்து ஜவ்வின் பின்முனையில் வரும் கிழிசல். முடக்குவாதம், கவுட் போன்ற அழற்சி நோய்களிலும் இது வரும். காரணம் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான்: சவ்வு எரிச்சலடைந்து அதிகமாக நீர் சுரக்கிறது, அந்த அதிகப்படி நீர் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறது.

குழந்தைகள் விஷயம் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு மூட்டில் கோளாறு ஏதும் இல்லாமலே இந்தப் பை வீங்கும். பெரும்பாலும் வலி இருக்காது, ஓரிரு ஆண்டுகளில் தானே வற்றிவிடும். ஒரு முறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, பிறகு சும்மா விட்டுவிடலாம்.

ஒருவரின் கதை

பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஐம்பத்தேழு வயதுப் பெண், நூலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கீழ்த்தட்டுப் புத்தகங்களுக்காகக் குந்தி உட்கார்ந்து எழுவதும், மேல்தட்டுக்காகச் சின்ன ஏணியில் ஏறி இறங்குவதுமாக இருப்பார். இரண்டு மாதமாக வலது முழங்காலின் பின்னால் இறுக்கம். யாரோ சொன்னார்கள் என்று தினமும் ராத்திரி அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த அன்று கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்குமாம், மறுநாள் சாயங்காலம் பழையபடி.

நான் முதலில் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மல்லாந்து படுக்க வைத்து முன்பக்கத்தைப் பார்த்தேன். முழங்கால் சில்லின் இரு பக்கமும் இயல்பாக ஒரு சிறு பள்ளம் இருக்கும். இடது காலில் இருந்தது. வலது காலில் உட்பக்கப் பள்ளம் தூர்ந்து போயிருந்தது. அந்த உட்பக்கத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு முறை வழித்துவிட்டேன், பள்ளம் தோன்றியது. பிறகு சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக மெல்ல வழித்ததும், உட்பக்கப் பள்ளத்தில் ஓர் அலை போல நீர் வந்து மேடிட்டது.

"பாத்தீங்களாக்கா? தண்ணி முன்னாடியும் இருக்கு. பின்னாடி இருக்கிறது இதோட மிச்சம்."

"அப்ப நான் இத்தனை நாள் தேய்ச்சதெல்லாம்?"

"தேய்ச்சப்ப பையில இருந்த அழுத்தம் கொஞ்சம் மாறியிருக்கும், அதான் தளர்ந்த மாதிரி இருந்துச்சு. தண்ணி ஊறுற இடத்தை நீங்க தொடவே இல்லையே."

மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உட்பக்க மூட்டு இடைவெளி சற்றே குறைந்திருந்தது, அதாவது ஆரம்பநிலைத் தேய்மானம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பை கருப்பாகத் தெரிந்தது. ஸ்கேனில் தெளிந்த நீர் கருப்பாகத்தான் தெரியும். இரண்டு தசைநார்களுக்கு நடுவில் அதன் கழுத்து குறுகி, மூட்டை நோக்கி ஒரு வால் போலப் போயிருந்தது. அந்தக் கழுத்துதான் பேக்கர் சிஸ்டின் அடையாளம். அதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. எம்.ஆர்.ஐ. உடனே தேவைப்படவில்லை. முழங்கால் சட்டென்று மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, அடிபட்ட பிறகு தொடங்கிய வீக்கம், ஸ்கேனில் ஏதாவது சந்தேகம் என்று இருந்தால்தான் அது அவசியம்.

வீட்டில் என்ன செய்வது

முதலில் ஒரு விஷயம். பை இருந்தும் தொந்தரவு இல்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்து, தற்செயலாகப் பையைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் நிறைய. அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதுதான் நல்ல வைத்தியம்.

தொந்தரவு இருந்தால், குறி மூட்டின் எரிச்சலைத் தணிப்பது. அந்த நூலகரிடம் மூன்று மாற்றங்கள் சொன்னேன்.

ஒன்று, ஆழமாக மடக்குவதை ஆறு வாரம் நிறுத்துவது. குந்துவது, மண்டியிடுவது இரண்டும் வேண்டாம். கீழ்த்தட்டுக்குத் தாழ்வான முக்காலி போட்டு உட்காரச் சொன்னேன். ஏணியில் ஏறுவதை ஒரே மூச்சாகச் செய்யாமல் நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். அதேபோல, நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டி நிற்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பையை அதிகமாகப் பிழிவது அந்த நிலைதான். லேசாகத் தளர்த்தி நின்றாலே இறுக்கம் குறையும். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், நடக்க வேண்டும். அளவு தெரிய ஒரே ஒரு கணக்கு: இன்று செய்ததற்கு நாளைக் காலை முழங்கால் கூடுதலாக வீங்கியிருந்தால் இன்று செய்தது அதிகம்.

இரண்டு, குளிர் ஒத்தடம். ஐஸைத் துணியில் சுற்றி பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பின்பக்கப் பந்து மேல் வைப்பதைவிட, சில்லைச் சுற்றி முன்பக்கம் வைப்பதையே நான் விரும்புவேன். காலில் உணர்ச்சி மங்கியவர்கள் ஐஸ் வைக்கக் கூடாது, தோல் கருகினாலும் தெரியாது. வலி மிகுந்தால், வலி நீக்கும் ஜெல் தடவலாம். மாத்திரையாக எடுப்பதென்றால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமைக்கான மருந்து இவற்றில் ஏதாவது இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எலாஸ்டிக் முழங்கால் உறை போட்டுக்கொள்ள விருப்பமென்றால் லேசாகப் பிடிக்கும் உறையாக இருக்கட்டும். இறுக்கமான உறை பையின் மேல் நெருக்கி, அதற்குக் கீழே காலையே வீங்க வைத்துவிடும். ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது: முன்தொடைத் தசை. மூட்டில் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே உடல் அந்தத் தசைக்கு வரும் கட்டளையை மட்டுப்படுத்திவிடுகிறது. தசை சோர்ந்தால் மூட்டு அதிகம் அடி வாங்குகிறது, அதனால் இன்னும் நீர் ஊறுகிறது. இந்தச் சுற்றை உடைக்கத்தான் பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழே சிறு துண்டைச் சுருட்டி வைத்து, அதை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். முன்தொடை இறுகுவது கையில் தெரிய வேண்டும். ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும், பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இது எளிதான பிறகு, முழங்காலை நேராக வைத்தபடி காலை ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்கலாம். அழுத்தும்போது பின்னால் பந்து குத்தினால் துண்டைக் கொஞ்சம் உயரமாகச் சுருட்டினால் போதும்.

ராத்திரி முழங்காலின் கீழே தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கிறது என்பார்கள். இருக்கும்தான், பை தளர்வதால். ஆனால் வாரக்கணக்கில் அப்படியே தூங்கினால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, நேராக நீட்டவே வராமல் போய்விடும். அதனால் அரைமணி நேர ஓய்வுக்கு மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடச் சொல்வேன்.

ஆடுசதை திடீரென்று வீங்கினால்

ஐந்தாவது வாரம் அந்த நூலகருக்கு இறுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் தெம்பில் ஒரு நாள் முக்காலியை மறந்து, கீழ்த்தட்டு முழுவதையும் குந்தி உட்கார்ந்தே அடுக்கியிருக்கிறார். எழும்போது பின்னால் 'டப்'பென்று ஏதோ விட்டுப்போன மாதிரி, ஆடுசதைக்குள் சூடாகத் தண்ணீர் இறங்குவது போல ஓர் உணர்வு. சாயங்காலத்துக்குள் ஆடுசதை வீங்கிச் சிவந்து, தொட்டால் வலித்தது. வேடிக்கை என்னவென்றால் பின்குழியில் இருந்த பந்தைக் காணோம்.

பை கிழிந்து நீர் ஆடுசதைத் தசைகளுக்கு நடுவே கசிந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் இந்த இடத்தில் தொலைபேசியில் "பை உடைஞ்சிருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம், இதே சிவப்பு, இதே வலிதான். அந்த உறைகட்டி நழுவி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலியாலும் முடியாது. பேக்கர் சிஸ்டும் ரத்த உறைவும் ஒரே காலில் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு ஆடுசதையின் சுற்றளவையும் டேப்பால் அளந்தார்கள். வீங்கிய கால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் ரத்த உறைவுச் சந்தேகம் வலுக்கும். இவருக்கு இரண்டரை. அதற்காக நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் குழாயை மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். உறைவு இல்லாத குழாய் அழுத்தினால் தட்டையாகிவிடும். உறைவு இருந்தால் மடங்காது. எல்லா இடத்திலும் தட்டையானது. தசைகளுக்கு நடுவே நீர் படர்ந்திருப்பதும், பையின் கீழ்முனை கூராகியிருப்பதும் தெரிந்தது. மூன்றாம் நாள் உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கீழே பிறை போல ஒரு நீலக் கன்றல் இறங்கியது. பை உடைந்தவர்களுக்கு எப்போதாவது வரும் அடையாளம் அது.

ஸ்கேன் இல்லாமல் ஊகித்தால் இரண்டு பக்கமும் கெடுதல். உறைவை நீர்ப்பை என்று விட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன். உடைந்த பையை உறைவு என்று நினைத்து ரத்தம் உறையாமைக்கான மருந்தைத் தொடர்ந்தால், ஆடுசதைக்குள் ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறலாம். சமீபத்தில் அறுவை சிகிச்சை, நீண்ட நாள் படுக்கை, பல மணி நேர உட்கார்ந்த பயணம், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை என்று ஏதாவது பின்னணி இருந்தால் சந்தேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும். வீங்கிய காலோடு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் அடுத்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முழங்கால் சூடாகிச் சிவந்து அசைக்கவே முடியாமல் போனால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்த நிலையாக இருக்கலாம். அதற்கும் அதே வேகம். பாதம் மரத்து, குளிர்ந்து, வெளிறினாலும், ஆடுசதை கல்லாக இறுகி வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறினாலும் காத்திருக்கக் கூடாது.

உறைவு இல்லை என்று உறுதியான பிறகு, உடைந்த பைக்குப் பெரிய வைத்தியம் இல்லை. காலை உயர்த்தி வைத்து ஓய்வு, குளிர் ஒத்தடம், மெதுவாக நடை. கசிந்த நீரை உடம்பே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். ஆடுசதையைப் பிடித்துவிடுவது மட்டும் கூடாது. ரத்த உறைவு இல்லை என்று தெரியும் வரை கண்டிப்பாகக் கூடாது.

ஊசியும் கத்தியும்

"அந்தத் தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டா என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைப் பைக்குள் செலுத்தி எடுப்பார்கள். நீர் கூழாகியிருந்தால் வருவது கொஞ்சம்தான். அழுத்தம் அதிகமாகித் தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் உடனடி ஆறுதல் கிடைக்கும். ஆனால் மூட்டு ஊறிக்கொண்டே இருந்தால் பை மறுபடி நிறையும். குழாயை மூடாமல் வாளியை மட்டும் கவிழ்த்துக்கொண்டிருக்கிற வேலை அது.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது இதைவிடக் காரணத்துக்கு நெருக்கமானது. ஊசி போடுவது முன்பக்க மூட்டில், சுருங்குவது பின்பக்கப் பை. இரண்டும் ஒரே நீர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பலன் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நிற்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்புக்கு நல்லதில்லை. முடக்குவாதமோ கவுட்டோ காரணமாக இருந்தால் அந்த நோய்க்கான மருந்தைச் சரியாக எடுப்பதுதான் முதல் வேலை, ஊசி அதற்குப் பிறகு.

அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் குறைவு. போனாலும் பையை மட்டும் வெட்டி எடுப்பது பல நேரம் வீண். மூட்டுக் கோளாறு அப்படியே இருந்தால் பை திரும்ப முளைக்கும். சிறு துளை வழியாக மூட்டுக்குள் கேமரா செலுத்தி, உள்ளே கிழிந்து மாட்டிக்கொள்ளும் ஜவ்வைச் சரிசெய்து, அந்த ஒருவழிக் கதவை அகலப்படுத்தி நீர் இரு பக்கமும் போய்வர விடுவது இப்போதைய முறை. அதற்காக வயதால் நைந்த ஜவ்வுக்கெல்லாம் கத்தி வைக்க வேண்டியதில்லை; அந்த வகைக் கிழிசலுக்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

நூலகருக்கு ஆடுசதை வீக்கம் வற்ற நான்கு வாரம் ஆனது. ஆனால் முன்பக்கப் பள்ளம் இன்னும் தூர்ந்தே இருந்ததால் மருத்துவர் மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார். நூலகர் தொடைப் பயிற்சியைத் தொடர்ந்தார், முக்காலியை இந்த முறை மறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கிழிந்த இடம் மூடி, இரண்டு சென்டிமீட்டருக்குப் பை மறுபடி இருந்தது.

"அப்ப போகலியா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"காலை நீட்டினா தடுக்குதா?"

"இல்ல."

"மடக்கினா?"

"குந்தினா மட்டும் லேசா. அதான் குந்துறதே இல்லையே."

அதற்கு மேல் ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இப்போதெல்லாம் வாரம் ஒரு முறை, படுக்கையில் காலை நீட்டி, சில்லின் உட்பக்கத்தை வழித்துப் பார்க்கிறார். அலை வந்தால் அந்த வாரம் ஏணி ஏறுவதைக் குறைத்துக்கொள்கிறார். பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை.